நிகோடினைக் குறைச்ச சிகரெட்: இது 'லைட்ஸ்' இல்லீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாதப்ப உட்கார்ந்து படிங்க.

போன மாதம் ஒரு அண்ணன் வந்தார். வயது 52, லாரி ஓட்டுகிறார். ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முப்பது வருஷமாக தினமும் 20 சிகரெட்டுக்கு மேல். நான் கேட்பதற்கு முன்னாடியே அவரே சொன்னார்:

"இப்பல்லாம் குறைச்சுட்டேன் சார்."

"எத்தனைக்கு குறைச்சீங்க?"

"எண்ணிக்கை அதேதான் சார். ஆனா லைட்ஸுக்கு மாறிட்டேன்."

முகத்தில் அவ்வளவு பெருமை. கையில் இருந்த பேனாவைக் கொடுத்து, "எப்படி பிடிப்பீங்க, காட்டுங்க" என்றேன். ஃபில்டர் இருக்கும் இடத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, கன்னம் குழி விழுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். அந்த ஒரு இழுப்பில் 'லைட்ஸ்' கதை முழுவதும் இருக்கிறது.

லைட்ஸ் சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றி ஊசி முனை அளவில் ஓட்டைகள் இருக்கும். சிகரெட்டை சோதிக்கிற எந்திரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை, 2 விநாடி, 35 மில்லி புகையை இழுக்கும். அதற்கு விரலும் கிடையாது, உதடும் கிடையாது, ஆசையும் கிடையாது. அது இழுக்கும்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று கலந்து புகை நீர்த்துவிடும். எந்திரம் "நிகோடின் குறைவு" என்று எண் காட்டும். ஆனால் சிகரெட்டுக்குள் இருக்கிற புகையிலையில் நிகோடின் குறையவே இல்லை! நம்ம அண்ணன் விரலால் ஓட்டையை அடைத்து, ஆழமாக இழுத்து, தனக்கு வேண்டியதை முழுவதும் எடுத்துக்கொள்கிறார். கூடவே தாரும் கார்பன் மோனாக்சைடும் பழையபடியே உள்ளே போகின்றன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "நிகோடின் குறைந்த சிகரெட்டைச் சட்டமாக்கலாம்" என்ற பேச்சு வரும்போதெல்லாம் எல்லோரும் முதலில் சொல்வது, "அதான் லைட்ஸ் வந்து ஏமாத்துனாங்களே, மறுபடியுமா?" என்பதுதான். நியாயமான சந்தேகம். ஆனால் இது வேறு சங்கதி. இங்கே குறைக்கச் சொல்வது எந்திரம் காட்டும் எண்ணை இல்லை, புகையிலைக்குள் இருக்கும் நிகோடினையே.

கணக்காகப் பார்ப்போம். ஒரு சாதாரண சிகரெட்டில் ஏறத்தாழ முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புகையிலை இருக்கும். அதில் நிகோடின் சுமார் 12 மில்லிகிராம். அது முழுவதும் உடம்புக்குள் போகாது. பாதி எரிந்தும், காற்றில் கலந்தும், கடைசித் துண்டில் தங்கியும் போய்விடும். ரத்தத்தில் சேர்வது ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிகிராம். ஆக 20 சிகரெட் பிடிக்கிறவருக்கு நாளொன்றுக்கு குறைந்தது 20 மில்லிகிராம். அவருடைய மூளை இந்த அளவுக்குப் பழகிப்போய்விட்டது. ஒவ்வொரு இழுப்பும் சில விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அளவு பாதியாகிறது. உடனே எரிச்சல், பதற்றம், "ஒரு தம் போட்டுட்டு வந்துடறேன்".

இப்போது அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் முன்மொழிந்த வரம்பைப் பார்ப்போம். ஒரு கிராம் புகையிலைக்கு அதிகபட்சம் 0.7 மில்லிகிராம் நிகோடின். இன்று விற்கும் சிகரெட்டில் இருப்பதில் 20-ல் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது ஒரு சிகரெட்டில் மொத்தமே அரை மில்லிகிராம்தான். அதிலும் வழக்கம்போல பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்றால் 0.05 மில்லிகிராம். பழைய 20 மில்லிகிராமை எட்ட வேண்டுமானால் நம்ம அண்ணன் தினமும் 400 சிகரெட் பிடிக்க வேண்டும். ஒன்றுக்கு 5 நிமிஷம் என்று வைத்தாலும் 33 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு இருப்பதோ 24 மணி நேரம்!

"சரி டாக்டர், அவர் வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா?" இழுக்கட்டும். சிகரெட்டில் இருப்பதில் 40 சதவீதத்தைப் பிழிந்து எடுத்தாலும் ஒன்றுக்கு 0.2 மில்லிகிராம். 20 சிகரெட்டுக்கு 4 மில்லிகிராம். இந்தக் கணக்கைத்தான் 1994-ல் பெனோவிட்ஸ், ஹென்னிங்ஃபீல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்டார்கள். நாளைக்கு ஐந்து சிகரெட்டுக்கு மேல் போகாமல், பல வருஷம் பிடித்தும் அடிமையாகாமல் இருக்கும் சிலர் உண்டு. அவர்கள் உடம்பில் சேரும் நிகோடின் தினமும் ஏறத்தாழ 5 மில்லிகிராம். அந்தக் கோட்டுக்குக் கீழே எல்லோரையும் வைத்துவிட்டால் புதிதாக யாரும் அடிமையாக மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் யோசனை. 30 வருஷம் கழித்தும் எல்லா நாட்டுச் சட்ட வரைவுகளும் அந்தக் கணக்கைச் சுற்றித்தான் நிற்கின்றன.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த சிகரெட் பாதுகாப்பானது இல்லை. புற்றுநோயையும் மாரடைப்பையும் நுரையீரல் அடைப்பையும் கொடுப்பது பெரும்பாலும் எரியும் புகை. நிகோடின் செய்வது, அந்தப் புகையிடம் உங்களைத் தினமும் 20 தடவை கூட்டிக்கொண்டு போவது. நிகோடினைக் குறைத்த சிகரெட்டை எரித்தாலும் அதே தார்தான். இதில் மக்களுக்கு மட்டும் குழப்பம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவர்களிடம் கேட்ட ஒரு ஆய்வில், பெரும்பாலானவர்கள் நிகோடினே புற்றுநோய் தருகிறது என்று நம்பினார்கள். எங்க ஆளுங்களே இப்படி!

அடுத்து, சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த ஆய்வு முக்கியமானது. நிறுத்தும் எண்ணம் இல்லாத 800-க்கு மேற்பட்ட புகைப்பிடிப்பவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஆறு வாரம் சிகரெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு நிகோடின் அளவு. யாருக்கு என்ன என்று சொல்லவில்லை. வழக்கமான அளவு கிடைத்தவர்கள் ஆறாவது வாரத்தில் தினமும் சுமார் 21 சிகரெட் பிடித்தார்கள். மிகக் குறைந்த அளவு, அதாவது கிராமுக்கு 0.4 மில்லிகிராம் கிடைத்தவர்கள் சுமார் 15. எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கியது. அதோடு, ஆய்வு முடிந்த ஒரு மாதத்தில் நிறுத்த முயற்சி செய்தவர்கள் இந்தக் குழுவில் இரண்டு மடங்கு. நிறுத்தும் எண்ணமே இல்லை என்று சொல்லி வந்தவர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. நிகோடினை மூன்றில் ஒரு பங்காக, கிராமுக்கு 5.2 மில்லிகிராமாக மட்டும் குறைத்த குழுவில் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. தினமும் 20-க்கு மேல் பிடித்தார்கள். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அரசாங்கங்களுக்குப் பிடித்த வழி "கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்" என்பது. அப்படிப் பாதி வழியில் நின்றால் லைட்ஸ் கதைதான் திரும்ப வரும். ஆழமாக இழுத்து ஈடுகட்டுவதற்கு இடம் இருக்கும் வரை மனிதன் ஈடுகட்டுவான். ஈடுகட்டவே முடியாத அளவுக்கு இறக்கினால்தான் மூளை விட்டுக்கொடுக்கிறது. 2018-ல் ஜாமா இதழில் வந்த 1,250 பேர் ஆய்வும் இதையே சொன்னது. 20 வாரத்தில் படிப்படியாகக் குறைத்தவர்களைவிட, முதல் நாளே ஒரேயடியாகக் குறைத்தவர்கள் உடம்பில் நச்சு குறைவு. ஆனால் அந்தக் குழுவில்தான் பாதியில் விட்டு ஓடியவர்களும் அதிகம். சும்மா இல்லீங்க, எரிச்சலும் தூக்கமின்மையும் நிஜம்.

இப்போது விமர்சனங்களுக்கு வருகிறேன். இந்த ஆய்வுகளின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

ஆய்வில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது குறைந்த நிகோடின் சிகரெட். தெருமுனைக் கடையிலோ முழு நிகோடின் சிகரெட் கிடைக்கிறது. என்ன செய்திருப்பார்கள்? நீங்க நினைக்கிறது சரிதான். உடம்பில் நிகோடின் உடைந்து உருவாகும் கோட்டினின் போன்றவற்றைச் சிறுநீரில் அளந்து பார்த்தார்கள். கொடுத்த சிகரெட்டை மட்டும் பிடித்திருந்தால் அவ்வளவு வரவே முடியாது என்கிற அளவு பலரிடம் இருந்தது. மிகக் குறைந்த நிகோடின் குழுவில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் இடையிடையே வெளியே வாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று பின்னால் கணித்தார்கள்.

இந்த ஒரு செய்தியை இரண்டு பக்கமும் எடுத்துக்கொள்கிறது. ஆதரிப்பவர்கள் சொல்வது: "இவ்வளவு ஏமாத்தியும் எண்ணிக்கை குறைஞ்சுதே. சட்டம் வந்து கடையில வேற எதுவுமே இல்லைன்னா இன்னும் குறையும்." எதிர்ப்பவர்கள் சொல்வது: "இலவசமா கொடுத்தும், காசு கொடுத்து வெளியே வாங்கினாங்களே. சட்டம் வந்தா கடத்தல்காரனிடம் வாங்குவாங்க." இரண்டுமே அதே சிறுநீரிலிருந்து எடுத்த வாதங்கள்!

கள்ளச்சந்தை பயம் கற்பனை இல்லை. பூட்டான் 2004-ல் புகையிலை விற்பனையையே தடை செய்தது. எல்லை தாண்டி கடத்தல் ஓயவே இல்லை. கடைசியில் 2021-ல், கடத்தல்காரர்கள் வழியாகக் கொரோனா வருகிறது என்ற கவலையில், தடையைத் தளர்த்தினார்கள். தென்னாப்பிரிக்கா 2020 ஊரடங்கில் ஐந்து மாதம் சிகரெட் விற்பனையை நிறுத்தியது. பெரும்பாலானோர் பல மடங்கு விலை கொடுத்துத் தொடர்ந்து வாங்கினார்கள். "வரம்பு என்கிற பேரில் கொண்டு வரும் தடைதான் இது" என்று விமர்சகர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அடிமையானவருக்கு அரை மில்லிகிராம் சிகரெட் என்பது சிகரெட்டே இல்லை. 1989-ல் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் நிகோடின் நீக்கிய 'நெக்ஸ்ட்' என்ற சிகரெட்டை விற்றுப் பார்த்தது. பக்கத்திலேயே முழு நிகோடின் பாக்கெட் இருக்கும்போது யார் வாங்குவார்கள்? சீக்கிரமே காணாமல் போனது.

ஆனால் பூட்டானுக்கும் இந்த யோசனைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்க முன்மொழிவு சிகரெட்டையும் எரித்துப் பிடிக்கும் வேறு சில பொருட்களையும் மட்டும்தான் தொடுகிறது. நிகோடின் பேட்ச், சூயிங்கம், வேப், பவுச் எல்லாம் கடையிலேயே இருக்கும். நிகோடின் வேண்டுமா, எடுத்துக்கோ, எரித்து இழுக்காதே என்பதுதான் அதன் மொழி. என் கருத்தில் இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு இடத்தில்தான். புகை இல்லாத வழியில் நிகோடின் எளிதாகக் கிடைத்தால் கடத்தல்காரனுக்கு வாடிக்கையாளர் குறைவார். அதையும் அடைத்துவிட்டு சிகரெட்டில் மட்டும் நிகோடினைக் குறைத்தால், மிச்சம் இருப்பது பூட்டான்தான்.

வேப் இளசுகளைப் பிடித்துக்கொள்ளும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 52 வயதில் மாடி ஏற முடியாதவருக்கும் 16 வயதுப் பையனுக்கும் ஒரே தராசு சரிப்படாது.

எனக்கு இன்னொரு தயக்கமும் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய லாபம் என்று சொல்வது பிள்ளைகளைத்தான். ஒரு பையன் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறான், இருமுகிறான், அதில் மூளையைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறான். 2100-க்குள் 4 கோடியே 80 லட்சம் பேர் புகைக்குள் விழாமல் தப்புவார்கள் என்று அமெரிக்க நிர்வாகம் மதிப்பிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை நேரடியாகச் சோதிக்கவே முடியாது. சிகரெட் தொடாத பிள்ளைகளிடம் சிகரெட்டைக் கொடுத்து ஆய்வு செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. கையில் இருப்பது, பெடலை அழுத்தினால் நிகோடின் ஏறும்படி வைத்த எலிகள். அளவு ஒரு கோட்டுக்குக் கீழே போனால் அவை அழுத்தக் கற்றுக்கொள்வதில்லை. அதோடு பெரியவர்கள் ஆய்வும், கணினிக் கணக்கும். நல்ல ஊகம்தான். ஆனால் ஊகம்.

நிஜத்தில் செய்து காட்டியிருக்க வேண்டியது நியூசிலாந்து. 2022 டிசம்பரில் சட்டமே போட்டார்கள். கிராமுக்கு 0.8 மில்லிகிராம் வரம்பு, 2025 ஏப்ரல் முதல் அமல். கூடவே சிகரெட் விற்கும் கடைகளை சுமார் 6,000-லிருந்து 600 ஆகக் குறைப்பது, 2009-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு விற்பதே இல்லை என்பது. வேப் அங்கே சட்டப்படி கிடைத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2023 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு ஆட்சி மாறியது. 2024 பிப்ரவரியில், ஒரு சிகரெட்டில்கூட நிகோடினைக் குறைப்பதற்கு முன்பே, சட்டத்தை ரத்து செய்தார்கள். வெளியே சொன்ன காரணம் கள்ளச்சந்தை. நிதியமைச்சர் சொன்ன இன்னொரு காரணம், சிகரெட் வரி வருமானம் வரிக் குறைப்புக்கு உதவும் என்பது. பதில் தெரிந்திருக்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்று இப்படி பட்ஜெட் கணக்கில் போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் என் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறேன். நியூசிலாந்தோ அமெரிக்காவோ இதைச் செய்தால் நான் ஆதரிப்பேன். ஒரேயடியாக, ஈடுகட்ட முடியாத அளவுக்கு, மாற்று வழியைத் திறந்து வைத்து. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இது கொடுமையாகிவிடும் என்ற பயம் எனக்கு முதலில் இருந்தது. மனச்சோர்வு, போதை மருந்துப் பழக்கம் உள்ளவர்களிடம் தனியாகச் செய்த ஆய்வுகளிலும் ஈர்ப்பு குறைந்தது என்று வந்த பிறகு அந்தப் பயம் பாதியாகியிருக்கிறது.

"நம்ம ஊருக்கு?" என்று கேட்பீர்கள்.

இன்றைக்கு, வேண்டாம் என்பேன். 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். பீடி கிட்டத்தட்ட 8. வாயில் போடும் புகையிலை 21-க்கு மேல். சிகரெட்டில் நிகோடினைக் குறைத்தால் மறுநாளே கை பீடிக்குப் போகும். வீடு வீடாகச் சுற்றித் தரும் பீடியில் கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று யார், எங்கே அளப்பது? வேப்பையும் 2019-லேயே தடை செய்துவிட்டோம். அந்தத் தடை சரியா தவறா என்பது இன்னொரு நாள் சண்டை. ஆனால் ஒரு பக்கம் பீடியும் ஹான்ஸும் திறந்து கிடக்க, இன்னொரு பக்கம் மாற்று வழி மூடிக் கிடக்க, நடுவில் சிகரெட்டுக்கு மட்டும் வரம்பு என்பது வேலைக்கு ஆகாது.

அந்த லாரி அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஓட்டைக் கதையை மட்டும் சொன்னேன். பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, ஒரு சிகரெட்டின் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"அப்ப மூணு வருஷமா என்னைய நானே ஏமாத்திக்கிட்டிருக்கேனா சார்?"

"நீங்க ஏமாத்தலைண்ணே. உங்களை ஏமாத்தினாங்க."

21 மில்லிகிராம் பேட்ச் எழுதிக் கொடுத்தேன். ஓட்டும்போது கை துறுதுறுத்தால் மெல்லுவதற்கு நிகோடின் சூயிங்கம். பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அவர் போனில் நானே பதிவு செய்து கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது பாக்கெட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை வருகிறார்.